வெளிநாட்டுக் காசும் வீட்டுச் செலவும்: இறுதியாண்டு ஆய்வு முன்மொழிவு ஒன்றைத் திருத்துவது எப்படி?

"பொருளியல் இறுதியாண்டில் இருக்கிறேன். 'வெளிநாட்டிலிருந்து வரும் பணம் இலங்கைக் குடும்பங்களின் செலவில் ஏற்படுத்தும் தாக்கம்' என்று ஆய்வு முன்மொழிவு எழுதிக் கொடுத்தேன். கருதுகோள் தெளிவில்லை, தரவு போதாது என்று சொல்லி மேற்பார்வையாளர் திருப்பித் தந்துவிட்டார். என் ஊர் மூதூர்ப் பக்கம். 120 வீடுகளில் வினாக்கொத்துக் கொடுத்து, வந்த காசை எதற்குச் செலவழித்தார்கள் என்று கேட்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். எப்படித் திருத்துவது?"

முதலில் அந்தக் கேள்வியைத் தூக்கிப் போடுங்கள். "வந்த காசை எதற்குச் செலவழித்தீர்கள்?" என்று வீட்டுக்காரரிடம் கேட்பதைத்தான் சொல்கிறேன். கேட்டால் பதில் வரும், அதில் சிக்கலில்லை. "பிள்ளைகளின் படிப்புக்கு" என்பார்கள். ஆனால் மகள் குவைத்திலிருந்து அனுப்பிய காசும் தகப்பன் மீன்பிடியில் உழைத்த காசும் வீட்டில் ஒரே அலுமாரிக்குள்தான் போகின்றன. மகளின் காசில் டியூஷன் கட்டணம் கட்டியதால் தகப்பனின் காசு மிஞ்சி, அதில் மோட்டார் சைக்கிள் தவணை போனால், வெளிநாட்டுக் காசு எதற்குப் போனது? படிப்புக்கா, மோட்டார் சைக்கிளுக்கா? அந்த வீட்டுக்காரருக்கே தெரியாது. அவர் சொல்வது தன் மனதில் அந்தக் காசுக்கு ஒட்டியிருக்கும் பெயரை.

கேட்க வேண்டியது வேறு. மாதம் ஒரே அளவு செலவழிக்கும் இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்றுக்கு வெளிநாட்டுக் காசு வருகிறது, மற்றதற்கு வரவில்லை. இரண்டும் அந்தச் செலவை உணவு, கல்வி, மருத்துவம், வீடு என்று ஒரே விதமாகப் பிரிக்கின்றனவா? இப்படிக் கேட்டால் யாருடைய காசு எதற்குப் போனது என்று தேட வேண்டியதில்லை. வீட்டின் மொத்தச் செலவும் அதன் பிரிவுகளும் போதும். வெளிநாட்டுக் காசு என்றால் வீட்டுக்காரர் அதை வேறு விதமாகக் கையாள்கிறாரா என்பதே இங்கே ஆய்வின் கேள்வி. இதிலிருந்து கருதுகோள் தானாக வரும்.

ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் காசு வந்தால் வீட்டின் மொத்தச் செலவு கூடுகிறது. கூடுவதாலேயே உணவின் பங்கு குறையும், மற்றவற்றின் பங்கு கூடும். இது ஒரு வழி. மொத்தம் மாறாமலே பங்கீடு மாறுவது இன்னொரு வழி. உங்கள் தலைப்பிலுள்ள 'தாக்கம்' என்ற சொல்லுக்குள் இரண்டும் கலந்து கிடக்கின்றன. மேற்பார்வையாளர் "தெளிவில்லை" என்றதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டாவதை ஆய்வுக் கேள்வியாக எடுங்கள். முதலாவதை ஓர் அட்டவணையில் காட்டிவிட்டுப் போகலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. காசு வரும் வீடு மாதம் 90,000 ரூபாய் செலவழிக்கிறது, அதில் உணவுக்கு 31,500. அதாவது 35 சதவீதம். பக்கத்து வீட்டுக்குக் காசு வருவதில்லை. அவர்களின் செலவு 60,000, உணவுக்கு 25,200. அதாவது 42 சதவீதம். வித்தியாசம் 7 புள்ளி. "வெளிநாட்டுக் காசு உணவின் பங்கை 7 புள்ளி குறைக்கிறது" என்று எழுதிவிடலாம் போலத் தோன்றும். இப்படி எழுதப்பட்ட ஆய்வறிக்கைகள் நிறையவே இருக்கின்றன.

ஆனால் செலவு கூடக் கூட உணவின் பங்கு குறையும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புள்ளிவிபரவியலாளர் எங்கல் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி. மொத்தச் செலவின் இயற்கை மடக்கை ஓர் அலகு கூடினால் உணவின் பங்கு 12 புள்ளி குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 90,000-ஐ 60,000-ஆல் வகுத்தால் 1.5, அதன் மடக்கை 0.405. அதை 12-ஆல் பெருக்கினால் 4.9 புள்ளி. அதாவது 7 புள்ளியில் 4.9 புள்ளி, அந்த வீடு கூடுதலாகச் செலவழிக்கிறது என்பதால் மட்டுமே வந்தது. காசு துபாயிலிருந்து வந்தாலும் சரி, லொத்தர் விழுந்தாலும் சரி, அது வந்திருக்கும். மிச்சம் 2.1 புள்ளி.

இன்னும் ஒன்று உண்டு. காசு வரும் வீட்டில் ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் சாப்பிடும் ஆட்கள் 4 பேர், பக்கத்து வீட்டில் 5 பேர் என்று வையுங்கள். தலைக்கு 22,500, அங்கே 12,000. விகிதம் 1.875, மடக்கை 0.629. 12-ஆல் பெருக்கினால் 7.5 புள்ளி. முழு 7 புள்ளியும் இதிலேயே முடிந்து, அரைப் புள்ளி மறுபக்கம் சாய்ந்துவிட்டது. அதாவது தலைக்குச் செலவைச் சமமாக்கிப் பார்த்தால் காசு வரும் வீடு உணவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே செலவழிக்கிறது. வெளிநாடு போனவர் வீட்டில் ஆள் எண்ணிக்கையைக் குறைக்கிறார் என்ற சின்ன விஷயம் முடிவையே திருப்பிப் போடுகிறது. முன்மொழிவின் முறையியல் பகுதியில் இந்தக் கணக்கை அப்படியே காட்டலாம். ஏன் எளிய ஒப்பீடு போதாது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இதையே சமன்பாடாக எழுதினால் வோர்க்கிங்-லேசர் வடிவம் வருகிறது. செலவுப் பங்கை ஆராய்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குவார்கள்:

```
w = a + b*ln(X/n) + c*R + d*R*ln(X/n) + Z + e
```

w என்பது ஒரு செலவு வகையின் பங்கு, X மொத்தச் செலவு, n ஆட்கள், R வெளிநாட்டுக் காசு வந்தால் 1, இல்லாவிட்டால் 0. Z-க்குள் பிள்ளைகளின் எண்ணிக்கை, வீட்டுத் தலைவரின் வயது, படிப்பு, பால், மாவட்டம், நகரமா கிராமமா தோட்டமா என்பதெல்லாம் வரும். வீட்டின் ஆள் எண்ணிக்கையைத் தனியாகவும் Z-இல் சேர்க்க வேண்டும். c, d இரண்டும்தான் உங்கள் கருதுகோள்கள் இருக்கும் இடம்.

சரி, கருதுகோள்கள். மூன்று போதும். ஐந்தாறு வைத்தால் எதையும் உருப்படியாகச் சோதிக்க முடியாது.

முதலாவது உணவு. தலைக்குச் செலவு சமமாக உள்ளபோது, வெளிநாட்டுக் காசு பெறும் வீடுகளின் உணவுப் பங்கு மற்ற வீடுகளைவிடக் குறைவு. இதன் பின்னால் உள்ள காரணத்தையும் எழுதுங்கள்: அந்தக் காசை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் வரும் காசாகப் பார்ப்பவர்கள், தினச் செலவை அதன்மேல் ஏற்றிக்கொள்ளத் தயங்குவார்கள். குவாத்தமாலாவில் ஆடம்ஸும் குவெகுவெச்சாவும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வெளிநாட்டுக் காசு பெறும் வீடுகள் கூடுதலாக வரும் ஒவ்வொரு அலகிலும் உணவுக்குக் குறைவாகவும் கல்விக்கும் வீட்டுக்கும் கூடுதலாகவும் செலவழிப்பதாகக் கண்டார்கள். இலங்கையிலும் அப்படித்தானா என்பதைச் சோதிக்கப் போகிறீர்கள். மேலே போட்ட கணக்கு போல எதிர்ப்பக்கம் வந்தாலும் அது ஒரு கண்டுபிடிப்பே.

இரண்டாவது கல்வி. 5 முதல் 18 வயதுக்குள் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் மட்டும் பார்க்கையில், தலைக்குச் செலவு சமமாக உள்ளபோது, காசு பெறும் வீடுகளின் கல்விப் பங்கு அதிகம். பிள்ளையில்லாத வீடுகளைச் சேர்த்தால் சுழியமாகக் குவிந்து கணக்கைக் கெடுக்கும். இலங்கையில் பாடசாலைக் கல்வி இலவசம். ஆகவே இந்த வகைக்குள் வீட்டுக்கு வீடு பெரிதாக மாறுவது டியூஷன் செலவுதான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் எழுதும் பிள்ளை வீட்டில் இருக்கிறதா என்பதை வயதை வைத்து ஒரு மாறியாகச் சேர்த்துவிடுங்கள். அதை விட்டால், பரீட்சை ஆண்டின் செலவை வெளிநாட்டுக் காசின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். இலங்கையைப் பற்றி டே, ரதா இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, 1999-2000 காலத்துத் தரவை வைத்து, இந்தக் காசு பிள்ளைகளின் கல்விக்கும் நலத்துக்கும் உதவுகிறது, பகட்டுச் செலவைக் கூட்டவில்லை என்று சொன்னது. அது இருபது ஆண்டுக்கும் மேலாக முந்திய இலங்கை. அதன் பிறகு நிலைமை மாறியிருக்கிறதா என்று கேட்பது இறுதியாண்டு ஆய்வுக்கு நல்ல நியாயம்.

மூன்றாவது, கையில் வாங்குபவர் யார் என்பது. பெண் தலைமை தாங்கும் வீட்டுக்கும் ஆண் தலைமை தாங்கும் வீட்டுக்கும் R-இன் விளைவு ஒன்றல்ல. இதற்கு R-ஐ வீட்டுத் தலைவரின் பாலோடு பெருக்கி ஓர் உறுப்பைச் சேர்த்தால் போதும். மூதூர், கிண்ணியா, காத்தான்குடி போன்ற ஊர்களில் தாய் வீட்டுவேலைக்கு வளைகுடா போக, தகப்பனோ அம்மம்மாவோ காசை வாங்கும் வீடுகள் இருக்கின்றன. கணவன் கட்டாரில், மனைவி காசை வாங்குகிறாள் என்ற வீடுகளும் இருக்கின்றன. இரண்டும் ஒரே மாதிரிச் செலவழிக்கும் என்று எடுத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

இனித் தரவு. முக்கியமானது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான செலவின ஆய்வு. எல்லாரும் எச்.ஐ.ஈ.எஸ். என்றே சொல்வது. 2016 சுற்றில் 25,000 வீட்டு அலகுகளைத் தெரிந்தெடுத்து 21,756 குடும்பங்களின் விவரத்தைத் திரட்டினார்கள். 2019 சுற்றும் இருக்கிறது. ஆண்டு முழுக்க மாதம் மாதமாகப் பகுதி பகுதியாக நடத்துவதால் நோன்பு, பொங்கல், புத்தாண்டு என்று பருவச் செலவு ஒரு பக்கம் சாயாது. காலத்தொடரில் பழையவற்றோடு ஒப்பிடப் போனால் ஒரு கவனம்: 2009/10 சுற்று மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைச் சேர்க்கவில்லை. எல்லா 25 மாவட்டங்களும் 2012/13-இலிருந்துதான்.

வினாக்கொத்தின் வருமானப் பகுதியில் உள்நாட்டிலிருந்து வந்த காசும் வெளிநாட்டிலிருந்து வந்த காசும் தனித்தனியாகக் கேட்கப்படுகின்றன. R அங்கிருந்து வரும். தரவுக் கோப்பைத் தொடுவதற்கு முன்பே வினாக்கொத்தை இறக்கி, அந்த வரி எந்தக் காலத்தைக் கேட்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் செலவுப் பக்கத்தில் காலம் வேறு வேறு. உணவு ஒரு வாரக் குறிப்பு, மற்றவை மாதம், ஆறு மாதம், ஆண்டு என்று பொருளுக்குப் பொருள் மாறும். உணவை 30/7-ஆல் பெருக்க வேண்டும், ஆண்டுச் செலவை 12-ஆல் வகுக்க வேண்டும். இதில்தான் மாணவர்கள் அதிகமாகச் சறுக்குவது. சரியாகச் செய்தீர்களா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. 2019 சுற்றின் வெளியிட்ட அறிக்கையில் ஒரு குடும்பத்தின் சராசரி மாதச் செலவு 63,130 ரூபாய், அதில் உணவின் பங்கு 35.1 சதவீதம். உங்கள் கோப்பில் நிறையிட்டுக் கணக்குப் போட்டால் அதே எண், அல்லது மிகக் கிட்டிய எண் வர வேண்டும். வராவிட்டால் காலமாற்றத்தில் எங்கோ பிழை. ஒன்றைக் கவனியுங்கள்: அறிக்கையின் 35.1 என்பது எல்லா வீடுகளின் உணவுச் செலவின் கூட்டை மொத்தச் செலவின் கூட்டால் வகுத்தது. ஒவ்வொரு வீட்டின் பங்கையும் எடுத்து அவற்றின் சராசரியைப் போட்டால் அதைவிடக் கூடுதலாக வரும், ஏழை வீடுகளின் பங்கு உயரமாக இருப்பதால். அதைப் பார்த்துப் பிழை என்று பதற வேண்டாம்.

Stata-வில் ரிக்ரஷன் ஓட்டும்போது இப்படித் தொடங்கலாம். lnx-இலிருந்து அதன் சராசரியைக் கழிப்பது, remit-இன் குணகம் சராசரிச் செலவுள்ள வீட்டைக் குறிக்க வேண்டும் என்பதற்காக:

```
gen wfood = food/total
gen lnx = ln(total/hhsize)
sum lnx [aw=weight]
replace lnx = lnx - r(mean)
reg wfood i.remit##c.lnx hhsize kids i.femhead i.district [pw=weight], vce(cluster psu)
```

கல்வி, மருத்துவம், வீடு, மற்றவை என்று எல்லா வகைகளுக்கும் இதே வரியை, இதே மாறிகளோடு, இதே வீடுகளை வைத்து ஓட்டுங்கள். பங்குகளின் கூட்டு 1 என்பதால், எல்லாச் சமன்பாடுகளிலும் remit-க்கு வரும் குணகங்களைக் கூட்டினால் சுழியம் வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு வகை விடுபட்டிருக்கிறது, அல்லது இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது. கல்விக்கு மட்டும் பிள்ளைகள் உள்ள வீடுகளை எடுத்து ஓட்டுவது இதற்குப் பிறகு, தனி அட்டவணையில். கோப்பைப் பெறத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாணவருக்கு முழுக் கோப்புக்குப் பதிலாக அதன் ஒரு பங்கு மட்டும் கிடைக்கக்கூடும், ஆகவே முன்மொழிவில் மாதிரியின் அளவை நிச்சயமாக எழுதிவிடாதீர்கள்.

இந்தத் தரவின் எல்லைகளை நீங்களே முன்மொழிவில் எழுதினால் வாய்மொழிப் பரீட்சையில் கேள்வி பாதியாகக் குறையும். வெளிநாட்டில் இருப்பவர் குடும்ப உறுப்பினராக எண்ணப்படுவதில்லை. அவர் ஆணா பெண்ணா, எந்த நாடு, எத்தனை ஆண்டு என்பதெல்லாம் உங்களுக்குக் கிடைக்கும் கோப்பில் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அதனால்தான் மூன்றாம் கருதுகோளில் வாங்குபவரின் பக்கத்தை மட்டும் வைத்தேன். அப்புறம், சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு 'வாடகைக்கு விட்டால் எவ்வளவு' என்று ஒரு மதிப்பீடு செலவில் சேர்க்கப்படுகிறது. வெளிநாட்டுக் காசில் கல்வீடு கட்டியவரின் இந்த மதிப்பீடு உயரும். கையிலிருந்து ஒரு ரூபாயும் போகாமலே அவரின் மொத்தச் செலவும் வீட்டுப் பங்கும் ஏறும், உணவுப் பங்கு இறங்கும். ஆகவே ஒரு முறை அந்த மதிப்பீட்டோடும் ஒரு முறை அது இல்லாமலும் ஓட்டி இரண்டையும் காட்டுங்கள். முடிவு இதில் மாறினால், முதலாம் கருதுகோள் நிரூபணமானது வீட்டு மதிப்பீட்டால்தான், உணவால் அல்ல.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு ஒன்று. பொருளியலில் 'நுகர்வுச் செலவு' என்று சொல்வதற்குள் கடன் அடைப்பதும், அடகு வைத்த நகையை மீட்பதும், காணி வாங்குவதும், சுவர் எழுப்புவதும் வராது. வெளிநாட்டுக் காசு முதல் இரண்டு ஆண்டுகளில் அதிகமாகப் போவது அங்கேதான். போகும்போது வாங்கிய கடன் முதலில் அடையும், அப்புறம் நகை, அப்புறம் அத்திவாரம். இவற்றில் சில ஆய்வில் தனி வரியாக இருக்கும், சில சரியாகப் பிடிபடா. உங்கள் மூதூர் வீடுகள் உதவப்போவது இந்த இடத்தில்.

120 வீடுகளை வைத்து மேலே சொன்ன கருதுகோள்களைச் சோதிக்க முடியுமா என்றால், முடியாது. உணவுப் பங்கின் நியம விலகல் 12 புள்ளி என்று வைப்போம். காசு வரும் வீடு 60, வராத வீடு 60. வழக்கமான 5 சதவீத மட்டத்தில், பத்துக்கு எட்டு முறை பிடிபட வேண்டும் என்றால், உண்மை வித்தியாசம் குறைந்தது 6 புள்ளியாவது இருக்க வேண்டும். மேலே மொத்தச் செலவைச் சமமாக்கிப் பார்த்த கணக்கில் வித்தியாசம் 2 புள்ளி அளவில்தான் இருந்தது. 2 புள்ளியைப் பிடிக்க ஒவ்வொரு பக்கமும் 560 வீட்டுக்கு மேல் வேண்டும். 120-ஐ வைத்து ஓட்டி "தொடர்பு இல்லை" என்று எழுதினால், அது உங்கள் மாதிரி சிறியது என்பதைத் தவிர வேறொன்றையும் சொல்லாது.

ஆகவே கருதுகோளை எச்.ஐ.ஈ.எஸ்.-இல் சோதியுங்கள். மூதூரில் 40 வீடு போதும், எல்லாமே காசு வரும் வீடுகள். அங்கே கேட்க வேண்டியது அந்தப் பெரிய ஆய்வு கேட்காததை. கிராம அலுவலரிடம் இருக்கும் குடும்பப் பட்டியலிலிருந்து குலுக்கி எடுங்கள். தெரிந்தவர்கள் வீட்டில் தொடங்கி அவர்கள் காட்டும் அடுத்த வீடு என்று போனால், காசு நன்றாக வரும் வீடுகள்தான் மாட்டும். சம்பளம் கிடைக்காமல் திரும்பி வந்தவரின் வீட்டை யாரும் கைகாட்ட மாட்டார்கள்.

கேள்வி இப்படிப் போகலாம். கடைசியாகக் காசு வந்த மூன்று முறைகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: எந்த மாதம், எவ்வளவு, யார் கைக்கு வந்தது. 'மாதம் எவ்வளவு வரும்' என்று கேட்டால் மனதில் உள்ள வட்ட எண்தான் வரும். போவதற்கு முன் எவ்வளவு கடன், யாரிடம், இப்போது எவ்வளவு மிச்சம். அடகில் இருந்த நகை எப்போது மீண்டது. வீட்டுவேலைக்குப் போன பெண்களின் வீட்டில் ஒரு கேள்வி கூடுதல்: போகும்போது முகவர் கையில் காசு கொடுத்தாரா? அந்தத் துறையில் முகவர்கள் முன்பணம் கொடுத்துப் பெண்களை அனுப்புவது நடக்கிறது. அப்படியானால் முதல் சில மாதங்களின் செலவு வெளிநாட்டிலிருந்து வந்த காசே அல்ல. எந்த வழியில் காசு வருகிறது என்பதையும் கேட்க வேண்டும், ஆனால் வங்கிக்கு வெளியே ஆள்மூலம் வரும் காசை மனதில் வைத்து "உண்டியலா?" என்று நேரே கேட்காதீர்கள். வங்கியிலா, ஆள் கொண்டுவந்து தருவாரா, வேறு வழியா என்று கேட்டு, பெயரோ தொலைபேசி எண்ணோ குறிக்காமல் விடுங்கள். முன்மொழிவின் ஆய்வு நெறிமுறைப் பகுதியில் இதையே எழுதலாம்.

உண்டியலைப் பற்றிச் சொன்னதால், மத்திய வங்கியின் எண்களுக்கு வருகிறேன். நாட்டுக்கு ஆண்டுதோறும் வந்த வெளிநாட்டுக் காசின் வரைபடத்தில்தான் பல முன்மொழிவுகள் தொடங்கும், உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். 2020-இல் ஏறத்தாழ 7.1 பில்லியன் டொலர், 2021-இல் 5.5, 2022-இல் 3.8, 2023-இல் சுமார் 6. இதைப் பார்த்து "2022-இல் குடும்பங்களுக்கு வரும் காசு பாதியாகக் குறைந்தது" என்று எழுதினால் தவறு. 2021-இன் பிற்பகுதியிலிருந்து 2022 மார்ச் வரை அதிகாரபூர்வ விகிதம் டொலருக்கு 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. வெளியில் அதைவிட நன்றாகவே கூடுதலாகக் கிடைத்தது. அனுப்புபவர் வங்கியை விட்டு உண்டியலுக்குப் போனார். 2022-இல் வேலைக்காக நாட்டை விட்டுப் போனவர்கள் 3 லட்சத்துக்கு மேல், அதற்கு முன் இல்லாத எண்ணிக்கை. மத்திய வங்கியின் தொடர் அளப்பது வங்கி வழியே வந்ததை. வீட்டுக்கு வந்தது வேறு. ஆகவே அந்தத் தொடரைப் பின்னணிக்கு ஒரு பந்தியில் மட்டும் வையுங்கள், அதை வைத்துக் குடும்பச் செலவைப் பற்றி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஆண்டுப் புள்ளிவிபரமும் அப்படியே. மாவட்டவாரியாக எத்தனை பேர் போனார்கள் என்பதற்கு நல்லது, வீட்டுக்கு வந்த காசைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இலங்கைக்கே உரிய ஒரு சிக்கலையும் விட்டுவிடாதீர்கள். கிழக்கிலும் வடமேற்கிலும் பெரும்பாலும் காசு வருவது இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் போன தாயிடமிருந்தோ கணவனிடமிருந்தோ. யாழ்ப்பாணத்தில் அது பெரும்பாலும் கனடாவிலோ பிரான்ஸிலோ சுவிஸிலோ நிரந்தரமாகக் குடியேறிவிட்ட அண்ணனிடமிருந்து, அக்காவிடமிருந்து. முதல் வீட்டில் உழைக்கும் ஆள் போய்விட்டார், அவருடைய உள்ளூர் உழைப்பு இல்லை, காசு நிற்கும் நாளும் தெரியும். இரண்டாவது வீட்டில் தாய் தகப்பன் இருவரும் இங்கேதான். காசு வருவது கல்யாணம், செத்தவீடு, சத்திரசிகிச்சை, கோயில் திருவிழா என்று தேவை வரும்போது. இரண்டுக்கும் ஒரே R=1 என்று போட்டால் சராசரி எதையும் குறிக்காது. மாவட்ட மாறியைச் சேர்ப்பது ஓரளவு உதவும். வட மாகாணத்தைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும் ஓட்டுவது இன்னும் நல்லது. அப்படி ஓட்டிக் குணகங்கள் எதிரெதிராக வந்தால், உங்கள் ஆய்வின் மிகச் சுவையான பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

கடைசியாக, 'தாக்கம்'. வெளிநாடு போகும் குடும்பங்கள் குலுக்கலில் போகவில்லை. கடன் வாங்கும் துணிவு, ஏற்கெனவே அங்கே ஓர் உறவு, பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டும் என்ற ஆசை எல்லாம் முன்பே இருந்திருக்கும். அந்த ஆசையே ஒருவரை வெளிநாட்டுக்கும் அனுப்பி, டியூஷன் செலவையும் கூட்டலாம். பொருளியலாளர் டீன் யாங் பிலிப்பைன்ஸில் இதற்கு அழகான வழி ஒன்று கண்டார். 1997 ஆசிய நிதி நெருக்கடியில் பீசோ விழுந்தது, ஆனால் உறவினர் எந்த நாட்டில் இருந்தார் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேறு வேறு அளவில் காசின் மதிப்பு கூடியது. அந்த வேறுபாடு யாரும் தெரிந்தெடுத்ததல்ல. 2022-இல் இலங்கை ரூபாய் விழுந்ததை அப்படிப் பயன்படுத்தலாமே என்று உங்களுக்குத் தோன்றும். ரியாலும் திர்ஹமும் டொலரோடு கட்டப்பட்டவை என்பதால் வளைகுடாக் குடும்பங்களுக்குள் அந்த வேறுபாடு அநேகமாக வராது. தவிர அதே ஆண்டில் உணவு விலை ஏறிய வேகத்தில் எல்லா வீட்டின் உணவுப் பங்கும் தலைகீழாகியது. இறுதியாண்டுக்கு இதில் இறங்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். படிப்பு, வயது, பிள்ளைகள், மாவட்டம் ஒத்த வீடுகளைச் சோடி சேர்த்து ஒரு முறை ஒப்பிட்டு, ரிக்ரஷன் முடிவோடு பக்கத்தில் வையுங்கள். தலைப்பில் 'தாக்கம்' என்பதை எடுத்துவிட்டு, "வெளிநாட்டுப் பண வரவும் குடும்பச் செலவுப் பங்கீடும்: இலங்கை வீட்டு வருமான செலவின ஆய்வு 2019-ஐ அடிப்படையாகக் கொண்ட பகுப்பாய்வு" என்று போடுங்கள்.

திருத்திய முன்மொழிவோடு வெற்று அட்டவணைகள் இரண்டைச் சேருங்கள். ஒன்றில் காசு வரும், வராத வீடுகளின் சராசரிகள். இன்னொன்றில் ஒவ்வொரு செலவு வகைக்கும் c, d வரும் கட்டங்கள், எண் இல்லாமல். எந்தக் கட்டத்தில் என்ன குறி வந்தால் எந்தக் கருதுகோள் விழும் என்று கீழே ஒரு வரி. தரவுக்கான விண்ணப்பத்தை மேற்பார்வையாளரின் கையொப்பத்தோடு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். கோப்பு வரும்வரை மூதூர் வினாக்கொத்தை நாலைந்து வீடுகளில் கேட்டுப் பார்த்துத் திருத்தலாம்.